ஐந்து திருத்தங்கள், மூன்று கேள்விகள்

மெய்ப்புப் பார்க்கிறவர்களிடம் எல்லோரும் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "கிராமர் மட்டும் பாத்துக் குடுங்க, போதும்." வீட்டைப் பெருக்க வருகிறவரிடம் "ஹால் மட்டும் பெருக்குனா போதும்" என்று சொல்கிற அதே தொனியில் சொல்வார்கள். பதினோரு வருடமாக இந்த வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாவல், ஆய்வேடு, கல்யாணப் பத்திரிகை, சோப்பு உறை என்று எதைக் கொடுத்தாலும் கூடவே இதுவும் வரும். இது சரியான கட்டளைதான் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் இதைச் சொல்கிறவர்களும் இதற்குக் கட்டுப்படுகிறவர்களும் ஆளுக்கொரு விதமாகத் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். அதில் ஒரு விதத்தில் நானும் மாட்டியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு ஒரு மெயிலின் வரைவு வந்தது. எங்கள் ஊரில் உள்ள ஒரு சர்க்கரை நோய் கிளினிக் தன் நோயாளிகளுக்கு அனுப்பப்போகும் மெயில். அப்பாயின்ட்மென்ட் நேரம் மாறுகிறது, அதைத் தெரிவிக்க வேண்டும். அங்கே வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொள்ளும் பெண் அனுப்பியிருந்தார். அனுப்பியதோடு போனிலும் கூப்பிட்டார்.

"அண்ணே, கிராமர் மட்டும் பாருங்க. வேற எதையும் மாத்திராதீங்க. போன தடவ ஆன மாதிரி ஆயிரக் கூடாதுண்ணே."

போன தடவை என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது என் குற்றம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே கிளினிக்கின் வேறொரு மெயில் என்னிடம் வந்தது. அதில் இப்படி இரண்டு வரிகள் இருந்தன: "சனிக்கிழமை கால் பரிசோதனை நாள் அல்ல. லேப் காலை 7 மணிக்குத் திறக்கும்." பழைய இலக்கணப்படி 'அல்ல' என்பது பலவின்பாலுக்கு உரியது. ஒருமைக்கு 'அன்று' வரவேண்டும். அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல. நாள் என்பது ஒன்று, எனவே 'நாள் அன்று'. எனக்கு அப்போது இந்த வாய்ப்பாடு தெரியும் என்பதில் கொஞ்சம் பெருமை உண்டு. 'அல்ல' என்பதை அடித்துவிட்டு 'அன்று' என்று போட்டேன். மெயில் போய்விட்டது.

இப்போது அந்த வரிகளை நீங்கள் படித்துப் பாருங்கள். "சனிக்கிழமை கால் பரிசோதனை நாள் அன்று. லேப் காலை 7 மணிக்குத் திறக்கும்." இன்றைய தமிழில் 'நாள் அன்று' என்றால் 'அந்த நாளில்' என்று பொருள். திருமண நாள் அன்று, தேர்வு நாள் அன்று என்பதுபோல. நடுவில் ஒரு முற்றுப்புள்ளி இருந்தது உண்மை. ஆனால் அதை ஒரு மகன் பெங்களூரிலிருந்து போனில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டும்போது முற்றுப்புள்ளி காதில் விழாது. அந்த அப்பா சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து ஏழு மணிக்குக் கிளினிக் வாசலில் நின்றிருக்கிறார். கால் பரிசோதனைக்கு. அவருக்கு ஏற்கெனவே காலில் ஆறாத புண்.

நான் செய்தது இலக்கணத் திருத்தம். 'வேறு எதையும்' நான் மாற்றவில்லை. கட்டளைக்கு எழுத்துப் பிசகாமல் கட்டுப்பட்டு, 'இல்லை' என்று சொன்ன ஒரு வாக்கியத்தை 'உண்டு' என்று சொல்லவைத்தேன்.

இதிலிருந்து நான் கற்றது ஒன்றுதான். இலக்கணம் மட்டும் பார்ப்பதென்றால், அந்த எழுத்து எந்தக் காலத்துத் தமிழில், எந்த வகைத் தமிழில் எழுதப்பட்டிருக்கிறதோ அந்தத் தமிழின் இலக்கணத்தைப் பார்ப்பது. நோயாளிக்கு எழுதும் மெயிலின் தமிழில் 'அல்ல' ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாகிப் பல காலம் ஆகிவிட்டது. அது அங்கே பிழை இல்லை. பிழை இல்லாத இடத்தில் திருத்துவது மெய்ப்பு இல்லை. அதற்கு வேறு பெயர் இருக்கிறது, இங்கே எழுத வேண்டாம்.

சரி, போன மாதத்து மெயிலுக்கு வருகிறேன். அதை அப்படியே தருகிறேன். தலையிலும் காலிலும் இருந்த மரியாதைச் சொற்களை மட்டும் விட்டுவிட்டேன்.

"நிர்வாக காரணங்களால் நமது கிளினிக்கின் அப்பாயின்ட்மென்ட் நேரங்கள் வருகிற திங்கட்கிழமை முதல் மாற்றப்பட்டுள்ளது. காலை 8 மணி முதல் 12 மணி வரை இருந்த நேரம் இனி மாலை 4 மணி முதல் 8 மணி வரை இருக்கும். புதன்கிழமை முன்பதிவு செய்தவர்கள் வெள்ளிக்கிழமை அதே வரிசை எண்ணில் வரவும். ஒவ்வொரு நோயாளிகளும் பழைய ரிப்போர்ட்டுகளை கொண்டு வரவும். ரத்த பரிசோதனை உள்ளவர்கள் வெறும் வயிற்றில் வரவும்."

ஐந்து வாக்கியம். இதில் ஐந்து இலக்கணப் பிழைகள் இருக்கின்றன. மேலே படிக்கும் முன் நீங்களே ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

மூன்று ஒற்றுப்பிழைகள். 'நிர்வாகக் காரணங்களால்', 'ரிப்போர்ட்டுகளைக் கொண்டு', 'ரத்தப் பரிசோதனை'. இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ' வெளிப்படையாக வந்தால் அடுத்து வரும் வல்லினம் மிகும். மற்ற இரண்டும் பெயரோடு பெயர் சேர்ந்த தொகைகள், அங்கேயும் மிகும். இந்த மூன்று ஒற்றும் இல்லாவிட்டால் எந்த நோயாளிக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஒருவர்கூடத் தப்பாகப் புரிந்துகொள்ள மாட்டார். ஆனாலும் போட்டேன். காசு வாங்குவது அதற்குத்தான்.

நான்காவது, 'நேரங்கள் மாற்றப்பட்டுள்ளது'. நேரங்கள் பன்மை, எனவே 'மாற்றப்பட்டுள்ளன'. இந்தப் பிழையை வைத்துக்கொண்டு "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தமிழே தெரியவில்லை" என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பேச்சில் நாம் யாரும் அஃறிணைப் பன்மைக்குத் தனி வினைமுற்று வைப்பதில்லை. "மாடுங்க வந்துச்சு", "பஸ்ஸெல்லாம் போயிருச்சு" என்றுதான் சொல்கிறோம். பேச்சின் இலக்கணம் எழுத்துக்குள் நுழைந்துவிட்டது, அவ்வளவுதான். இந்த மெயில் எழுத்துத் தமிழில் இருப்பதால் எழுத்துத் தமிழின் விதி. திருத்தினேன்.

ஐந்தாவது, 'ஒவ்வொரு நோயாளிகளும்'. 'ஒவ்வொரு' என்றாலே தனித்தனியாகப் பிரித்தாயிற்று, பிறகு ஒருமைதான் வரவேண்டும். 'ஒவ்வொரு நோயாளியும்'. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெண் என்னிடம் போனில் பேசும்போது "ஒவ்வொரு பேஷன்ட்டும் கூப்புட்டுக் கேக்குறாங்கண்ணே" என்று சரியாகத்தான் சொன்னார். வாயில் சரியாக வந்தது, எழுத உட்கார்ந்து மரியாதையாக எழுத நினைத்ததும் தப்பாகிவிட்டது.

ஐந்து திருத்தங்கள் முடிந்தன. எட்டு நிமிட வேலை.

இனி, திருத்தாமல் விட்டவை. 'ரத்தம்' என்பதற்கு முன்னால் 'இ' போடவில்லை. 'ரகரம் மொழிக்கு முதலில் வராது' என்ற பழைய விதி எனக்கும் தெரியும், ஆனால் இரண்டு வடிவமும் இன்று வழக்கில் உள்ளன. 'அப்பாயின்ட்மென்ட்', 'ரிப்போர்ட்' இரண்டையும் தொடவில்லை. 'மாற்றப்பட்டுள்ளன' என்ற செயப்பாட்டு வினையைவிட 'மாற்றியுள்ளோம்' என்பது எனக்குப் பிடிக்கும். அது நேராகப் பேசும் வாக்கியம், மாற்றியது யார் என்று தெரியும். ஆனால் யார் மாற்றியது என்று சொல்லலாமா வேண்டாமா என்பதைக் கிளினிக்தான் முடிவு செய்ய வேண்டும். என் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை.

இங்கேதான் என் நண்பர்கள் சிலரோடு எனக்குச் சண்டை. மெய்ப்பாளர்களில் ஒரு கட்சி இருக்கிறது. கையில் பேனா கிடைத்தால் போதும், 'ரிப்போர்ட்' 'அறிக்கை' ஆகிவிடும், 'அப்பாயின்ட்மென்ட்' 'மருத்துவரைச் சந்திக்கும் முன்னேற்பாடு' ஆகிவிடும். கேட்டால் "தமிழை வேற யாரு காப்பாத்துறது?" என்பார்கள். தமிழைக் காப்பாற்றுங்கள், நல்லது. உங்கள் பெயரில் ஒரு கட்டுரை எழுதிக் காப்பாற்றுங்கள். அடுத்தவர் கையெழுத்துப் போட்டு அனுப்பும் மெயிலில், அவருக்குத் தெரியாமல் காப்பாற்ற வேண்டாம். எழுபது வயதுக்காரர் ஒருவரிடம் "பழைய அறிக்கைகளை எடுத்து வரவும்" என்று சொன்னால் அவர் எதைத் தேடுவார்? அவர் வீட்டுப் பீரோவில் இருக்கும் பிளாஸ்டிக் கவரின் பெயர் 'ரிப்போர்ட்டு'. லேப்பில் கொடுத்தபோதும் அந்தப் பெயர்தான், மருமகள் எடுத்துவைத்தபோதும் அந்தப் பெயர்தான்.

'இலக்கணம் மட்டும்' என்ற வேலி இந்தக் கட்சியிடமிருந்து எழுதியவரைப் பாதுகாக்கிறது. அந்தப் பெண் "வேற எதையும் மாத்திராதீங்க" என்று சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது நியாயம். டாக்டர் படித்துச் சரி சொன்ன வாசகம் அது. நான் அதில் ஒரு சொல்லை அழகுக்காக மாற்றினாலும், டாக்டர் சரி சொன்ன வாசகமும் வெளியே போகும் வாசகமும் வேறுவேறாகிவிடும். நாளைக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்லப்போவது அவர், நான் இல்லை.

இது வரைக்கும் எல்லோரும் தலையாட்டுவீர்கள். இனிமேல்தான் எனக்கு இன்னொரு கட்சியோடு தகராறு.

அந்த ஐந்து வாக்கியங்களில் மூன்று இடங்கள் என்னைத் தூங்கவிடவில்லை. மூன்றிலும் இலக்கணப் பிழை கிடையாது.

முதல் இடம் 'வருகிற திங்கட்கிழமை'. தேதி இல்லை. மெயிலை அனுப்புகிறவருக்கு 'வருகிற' என்பது அனுப்பும் நாளிலிருந்து கணக்கு. படிக்கிறவருக்கோ படிக்கும் நாளிலிருந்து கணக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பிய மெயிலை ஒருவர் அடுத்த செவ்வாய்க்கிழமை திறந்தால் அவருக்கு 'வருகிற திங்கள்' ஒரு வாரம் தள்ளிப்போய்விடும். அந்த வாரம் முழுக்க அவர் காலை எட்டு மணிக்கு வந்து பூட்டைப் பார்ப்பார்.

இரண்டாவது இடம் 'புதன்கிழமை முன்பதிவு செய்தவர்கள்'. இதில் வேற்றுமை உருபு எதுவும் இல்லை. புதன்கிழமையில் உட்கார்ந்து முன்பதிவு செய்தவர்களா, புதன்கிழமைக்கு வருவதாக முன்பதிவு செய்தவர்களா? தமிழில் இரண்டு பொருளும் சரி. திங்கட்கிழமை போன் போட்டுப் புதன்கிழமைக்கு இடம் வாங்கியவர் ஒருவர். புதன்கிழமை போன் போட்டு அடுத்த திங்களுக்கு இடம் வாங்கியவர் இன்னொருவர். இவர்களில் யார் வெள்ளிக்கிழமை வரவேண்டும்? ஒரே ஒரு 'க்கு' சேர்த்தால் தீர்ந்துவிடும்: 'புதன்கிழமைக்கு முன்பதிவு செய்தவர்கள்'.

பிறகு ஏன் நானே சேர்த்துவிடவில்லை என்று கேட்பீர்கள். 'க்கு' வேற்றுமை உருபுதானே, அது இலக்கணம்தானே? இந்தச் சபலத்தில்தான் போன தடவை விழுந்தேன். கிளினிக் எந்தப் பொருளில் எழுதியது என்று எனக்குத் தெரியாது. நூற்றுக்குத் தொண்ணூறு 'க்கு'தான் என்று தோன்றுகிறது. ஆனால் புதன்கிழமை அவர்களுடைய கம்ப்யூட்டர் மக்கர் செய்து அன்றைக்குப் பதிவானதெல்லாம் குழம்பிப்போய், அந்த ஆட்களை மட்டும் வெள்ளிக்கிழமை வரச் சொல்கிறார்களோ என்னவோ. என் ஊகத்தை அவர்கள் வாக்கியத்துக்குள் உருபாகச் சொருகும் உரிமை எனக்கு இல்லை. பிழையான வாக்கியத்தை விதியை வைத்துத் திருத்தலாம். இரண்டு விதமாகச் சரியாக இருக்கும் வாக்கியத்தை எந்த விதியாலும் திருத்த முடியாது, எழுதியவரிடம் கேட்கத்தான் முடியும்.

மூன்றாவது இடம் கடைசி வாக்கியம். 'ரத்தப் பரிசோதனை உள்ளவர்கள் வெறும் வயிற்றில் வரவும்.' அந்த 'ப்' போட்ட பிறகு குறையே இல்லாத வாக்கியம். ஆனால் இரண்டாம் வாக்கியத்தோடு சேர்த்துப் படியுங்கள். நேரம் மாலை நான்கு முதல் எட்டு. வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கவேண்டும். அதனால்தான் ராத்திரி சாப்பிட்டுப் படுத்து, காலையில் எழுந்ததும் வந்து கொடுப்பார்கள். இந்த மெயிலைப் படிக்கும் ஒருவர் முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு, பழக்கப்படி காலையில் ஒன்றும் சாப்பிடாமல், மாலை நான்கு மணிக்கு வந்தால் பத்தொன்பது மணி நேரம் பட்டினி. சர்க்கரை நோயாளி. நடுவில் மறக்காமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டாரென்றால், அல்லது இன்சுலின் போட்டுக்கொண்டாரென்றால், சர்க்கரை இறங்கி, வேர்த்து, கை நடுங்கி, பஸ்ஸிலேயே மயங்கி விழலாம்.

அந்த வரி ஏன் அங்கே இருந்தது என்று எனக்குப் பார்த்ததுமே ஒரு சந்தேகம். காலை நேரம் இருந்த காலத்துப் பழைய மெயிலை நகல் எடுத்து, நேரத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கால அட்டவணை மாறும் அறிவிப்புகளில் இது அடிக்கடி நடப்பது. மாறியதைக் கவனமாக எழுதுவார்கள். அந்த மாற்றத்தால் மாறவேண்டிய இன்னொரு வரி பழையபடியே கிடக்கும்.

இங்கே அந்த இரண்டாவது கட்சி வருகிறது. கைகட்டிக்கொள்ளும் கட்சி. "இலக்கணம் மட்டும்னு சொல்லிட்டாங்க இல்ல, நாம ஏன் அதுக்குள்ள போகணும்? நாம என்ன டாக்டரா?" என் நெருங்கிய நண்பர், நல்ல மெய்ப்பாளர், இதை என்னிடம் முகத்துக்கு நேராகச் சொன்னார். கொடுத்த வேலையைத் தாண்டாமல் இருப்பதுதான் தொழில் நேர்மை என்பது அவர் வாதம்.

அவருக்கு என் பதில்: 'மட்டும்' என்ற சொல் 'திருத்துங்கள்' என்பதைக் கட்டுப்படுத்துகிறது. 'படியுங்கள்' என்பதை அது கட்டுப்படுத்தவில்லை. கையைத்தான் கட்டியிருக்கிறார்கள், வாயைக் கட்டவில்லை. நீங்கள் அந்த மெயிலைப் பொருள் தெரியாமல் படித்திருக்க முடியாது. 'நேரங்கள்' பன்மை என்று கண்டுபிடிக்கவே பொருள் தெரியவேண்டும். பொருள் தெரிந்துதான் படித்தீர்கள், நாலு மணி என்றும் வெறும் வயிறு என்றும் படித்தீர்கள், பிறகு ஒற்று மட்டும் போட்டுவிட்டுக் காசு வாங்கிக்கொண்டீர்கள். அதற்குப் பெயர் அடக்கம் என்றால் எனக்கு அந்த அடக்கம் வேண்டாம்.

பார்க்கப்போனால் இரண்டு கட்சிக்கும் வியாதி ஒன்றுதான். எழுதியவரிடம் பேச இருவருக்குமே மனமில்லை. ஒருவர் கேட்காமல் மாற்றுகிறார், இன்னொருவர் கேட்காமல் விடுகிறார்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வரைவுக்கு உள்ளே ஐந்து திருத்தங்களை மட்டும், மாற்றியது தெரியும்படி, செய்து வைத்தேன். கேள்விகளை வரைவில் எழுதவில்லை, தனியாக எழுதினேன். கேள்வியைத் திருத்தத்தோடு கலந்தால், எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் 'சரி' கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்றே பகுதி: வரி, அது எப்படியெல்லாம் படிக்கப்படலாம், எது சரி. 'குழப்பமாக உள்ளது' என்று எழுதினால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், கொஞ்சம் கோபம்தான் வரும். இப்படி எழுதினேன்:

"1. 'வருகிற திங்கட்கிழமை': மெயிலைத் தாமதமாகத் திறப்பவர் வேறு வாரம் என்று நினைக்கலாம். தேதி சேர்க்கலாமா?
2. 'புதன்கிழமை முன்பதிவு செய்தவர்கள்': புதன்கிழமையில் பதிவு செய்தவர்களா, புதன்கிழமைக்குப் பதிவு செய்தவர்களா?
3. 'வெறும் வயிற்றில் வரவும்': நேரம் மாலை 4 முதல் 8. மாலையில் வருபவர்களும் வெறும் வயிற்றில் வரவேண்டுமா? டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிடவும்.
இந்த மூன்றிலும் நான் எதையும் மாற்றவில்லை."

கேள்விகள் இருபது இருந்தால் ஒன்றையும் படிக்க மாட்டார்கள். 'ஒத்துழைப்பிற்கு' சரியா 'ஒத்துழைப்புக்கு' சரியா என்றெல்லாம் கேட்டு மூன்றாவது கேள்வியைப் புதைத்துவிடக் கூடாது. யாராவது வீணாக வந்து நிற்கப்போகிறார்களா, யாருக்காவது உடம்புக்கு ஏதாவது ஆகப்போகிறதா, அந்த இடங்களை மட்டும் கேட்டேன். அனுப்பியதோடு விடவில்லை, மூன்றாவது கேள்வியைப் பார்க்கச் சொல்லி மறுநாள் காலை போனும் செய்தேன்.

பதினோரு மணிக்கு அந்தப் பெண் திரும்பக் கூப்பிட்டார்.

"அண்ணே, அது பழைய மெயில்லேர்ந்து அப்படியே வந்துருச்சுண்ணே. டாக்டரம்மா பாத்துட்டு, ஐயோ இத யாரு போட்டதுன்னு சத்தம் போட்டாங்க. லேப் மட்டும் காலையில ஏழுலேர்ந்து எட்டரை வரைக்கும் தொறந்துதான் இருக்குமாம்."

"புதன்கிழமை?"

"புதன்கிழமைக்கு வர்றவங்கதாண்ணே. வேற எப்பிடிப் படிப்பாங்க அத?"

எப்படிப் படிப்பார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "ஆமாண்ணே, எங்கம்மா அப்பிடித்தான் படிக்கும்" என்றார்.

மாற்றிய வாசகம் மத்தியானம் வந்தது. திங்கட்கிழமைக்குப் பக்கத்தில் தேதி இருந்தது. புதன்கிழமைக்குப் பின்னால் 'க்கு' இருந்தது. கடைசி வாக்கியம் இரண்டாகப் பிரிந்திருந்தது: "வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியவர்கள் காலை 7 மணி முதல் 8.30 மணி வரை லேப்புக்கு வரவும். மாலையில் டாக்டரை பார்க்க வருபவர்கள் சாப்பிட்டுவிட்டு வரலாம்." அவர்கள் எழுதிய வாக்கியங்கள், டாக்டர் படித்துச் சரி சொன்னவை. 'டாக்டரை' பக்கத்தில் ஒரு 'ப்' விட்டுப்போயிருந்தது. அதை மட்டும் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.

இந்த வாரம் அவரிடமிருந்து அடுத்த வரைவு வந்திருக்கிறது, தடுப்பூசி நாள் பற்றியது. மேலே ஒரு வரி எழுதியிருந்தார்: "அண்ணே, கிராமர் மட்டும். அப்புறம் ஏதாச்சும் இருந்தா கேளுங்க."